ஃபேஷியல் மெஷினை வாங்கலாமா, லீசுக்கு எடுக்கலாமா? முதலில் புக்கிங் நோட்டைத் திறங்கள்

விலை உயர்ந்த ஃபேஷியல் மெஷின் ஒன்றை இறக்கலாம் என்று யோசிக்கும் பார்லர்காரர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "மொத்தமா வாங்கிடலாமா, இல்ல மாசத் தவணையில லீசுக்கு எடுக்கலாமா?" என்பதுதான். கேள்வி சரிதான், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. ஒரு சிகிச்சை செய்து முடித்தால் கையில் உண்மையில் எவ்வளவு தங்குகிறது என்று தெரியாமல் லீசா சொந்தமா என்று பேசினால், கடைசியில் யார் நன்றாகப் பேசினாரோ அவர் சொன்னதுதான் முடிவாகிவிடும், பெரும்பாலும் அது விற்க வந்தவர்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஹைட்ரா ஃபேஷியல் வகை மெஷின். வெற்றிட பம்ப் தோலை லேசாக உறிஞ்ச, அதே நேரத்தில் கைப்பிடியின் நுனியில் இருக்கும் டிப் வழியாக சீரம் ஓடி, அழுக்கோடு சேர்ந்து கழிவு பாட்டிலுக்குப் போகும் வகை. லேசர் மாதிரியான மெஷின்களுக்கு லைசென்ஸ், மருத்துவர் மேற்பார்வை என்று வேறு சங்கதிகள் உண்டு, அதை இதில் கலக்க வேண்டாம். இந்த வகையை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதில் மெஷின் விலையைவிட ஒவ்வொரு முறையும் செலவாகும் பொருள்தான் கணக்கைக் கவிழ்க்கும்.

பணத்தை எந்த ஊர் நாணயத்திலும் சொல்லப் போவதில்லை. உங்கள் பட்டியலில் ஒரு ஹைட்ரா ஃபேஷியலின் விலை என்னவோ அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த அளவில்தான். மெஷின் விலை 12,000 என்றால் 120 சிகிச்சைக்கான முழுக் கட்டணம் என்று அர்த்தம். எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்தவை, அவற்றின் இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பிரதிநிதி போடும் கணக்கு இப்படி இருக்கும். கட்டணம் 100, டிப்பும் சீரமும் 24, ஆக மிச்சம் 76. மெஷின் 12,000. வகுத்தால் 158 சிகிச்சை. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு, மாதம் 26 நாள், 52 சிகிச்சை. "மூணே மாசத்துல மெஷின் காசு வந்துடும், அப்புறம் எல்லாம் லாபம் மேடம்." கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. ஆனால் உள்ளே போட்ட ஒவ்வொரு எண்ணும் மேல் பக்கமாகச் சாய்ந்தது.

முதலில் அந்த 100. பட்டியல் விலையை எல்லா வாடிக்கையாளரிடமும் வாங்க முடியாது. அறிமுகச் சலுகை, ஆறு சிட்டிங் பேக்கேஜ், பழைய வாடிக்கையாளர் கேட்கும் தள்ளுபடி எல்லாம் போக சராசரியாகக் கைக்கு வருவது 92 என்று வைப்போம். இதில் பொருள் செலவு 24. செய்யும் பெண்ணுக்குக் கமிஷன் 15. கார்டில் கட்டினால் போகும் கட்டணம் 2. கையுறை, துண்டு, கடைசியில் போடும் மாஸ்க் எல்லாம் சேர்த்து 3. மொத்தம் 44 போனால் நிற்பது 48. வாடகையும் மாதச் சம்பளமும் மெஷின் வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டியவை என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

76 என்பது 48 ஆகிவிட்டது. அத்தோடு முடியவில்லை, இதற்கு அடுத்த படியைத்தான் பெரும்பாலும் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

புது மெஷினில் உட்காரும் வாடிக்கையாளரில் ஒரு பகுதி ஏற்கனவே உங்களிடம் சாதாரண ஃபேஷியல் செய்துகொண்டிருந்தவர். அவர் இதற்கு மாறினால் புது வருமானம் முழுதாக வரவில்லை, பழைய வருமானம் அந்த அளவுக்குப் போய்விட்டது. உங்கள் சாதாரண ஃபேஷியலில் சராசரியாகக் கைக்கு வருவது 58, க்ரீம் முதலானவை 6, கமிஷன் 9, கார்டு 1, மற்றவை 2 என்றால் 40 நிற்கிறது. அதாவது அந்தப் பழைய, பளபளப்பே இல்லாத ஃபேஷியல் உங்களுக்கு 40 கொடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் எந்தத் தவணையும் இல்லாமல். அந்த வாடிக்கையாளர் மெஷினுக்கு மாறியதும் 48 வருகிறது. மெஷினால் உங்களுக்குக் கூடியது வெறும் 8.

பத்து மெஷின் சிகிச்சையில் நான்கு பேர் இப்படி மாறி வந்தவர்கள், ஆறு பேர் புதியவர்கள் (அல்லது முடிவெட்ட மட்டும் வந்துகொண்டிருந்தவர்கள்) என்று வைத்தால், ஆறு பேரிடம் 48 வீதம் 288, நான்கு பேரிடம் 8 வீதம் 32, மொத்தம் 320. ஒரு சிகிச்சைக்கு 32. மெஷினின் கடனை அடைக்க நீங்கள் நம்பக்கூடிய எண் இந்த 32தான்.

இதுவே பத்தில் ஏழு பேர் பழைய ஃபேஷியலிலிருந்து மாறியவர்கள் என்றால் சராசரி 20க்கு இறங்கிவிடும். வாடிக்கையாளர் வட்டம் சின்னதாகவும் நிலையாகவும் உள்ள பார்லரில் இது சகஜம். வெளியே இருந்து பார்த்தால் மெஷின் ஓயாமல் ஓடும், முதலாளியம்மா சந்தோஷமாக இருப்பார், வருட முடிவில் பேங்க் பேலன்ஸ் மட்டும் அசையாமல் இருக்கும். அறை நிரம்பி வழியும் சனி, ஞாயிறுகளிலும் இதே கதைதான். அந்த நேரத்தில் மெஷினுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டும் வேறொரு சிகிச்சையைத் தள்ளிவிட்டுத்தான் கிடைக்கிறது. மெஷின் உண்மையாகச் சம்பாதிப்பது காலியாகக் கிடக்கும் செவ்வாய், புதன் மதியங்களில். அதனால் அறிமுகச் சலுகை கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வார நாட்களுக்கு மட்டும் கொடுங்கள்.

சரி, மாதம் எத்தனை சிகிச்சை நடக்கும்? இதற்கு ஆசையைக் கேட்காமல் புக்கிங் நோட்டைக் கேட்க வேண்டும். கடந்த ஆறு மாத நோட்டை எடுத்து, ஃபேஷியலுக்கு மூன்று முறையாவது வந்த ஆட்களின் பெயரை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு வருகைக்கு நடுவே எத்தனை வாரம் என்று குறியுங்கள். இந்த சிகிச்சையை நான்கு வாரத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளச் சொல்லித்தான் விளம்பரம் செய்வார்கள். உங்கள் நோட்டில் இடைவெளி ஏழு வாரம் என்று வந்தால், மெஷினைப் பார்த்ததும் அவர்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓடி வந்துவிடுவார்கள் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

ஏழு வாரத்துக்கு ஒருமுறை வருபவர் வருடத்தில் ஏழெட்டு முறை வருவார், மாதத்துக்கு முக்கால் முறைகூட இல்லை. மாதம் 24 சிகிச்சை ஓட வேண்டுமானால் இப்படித் தொடர்ந்து வரும் ஆட்கள் சுமார் 39 பேர் வேண்டும். ஒருமுறை சலுகையில் வந்து முகத்தைப் பளபளவென்று செல்ஃபி எடுத்துப் போனவர்கள் இந்த 39இல் சேர மாட்டார்கள். "மாசம் 24" என்று சொல்லும்போது சின்ன எண்ணாகத் தெரிவது, "மாறாமல் வரும் 39 பேர்" என்று சொல்லும்போது வேறு மாதிரி இருக்கிறது இல்லையா?

நோட்டில் எழுதியது எல்லாம் நடப்பதும் இல்லை. 30 பேர் பெயர் கொடுத்தால் நாலு பேர் வர மாட்டார்கள் அல்லது கடைசி நேரத்தில் தள்ளிப்போடுவார்கள். இரண்டு பேரை நீங்களே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்: வெயிலில் தோல் எரிந்து வந்தவர், சீழ்பிடித்த பருவோடு வந்தவர், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர், இவர்களுக்கு அந்த உறிஞ்சலும் அமில சீரமும் ஆகாது. கர்ப்பிணி என்றால் சாலிசிலிக் அமிலம் உள்ள சீரத்தை எடுத்துவிட்டு, டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் செய்வது பற்றியே யோசிக்க வேண்டும். ஆக 30 புக்கிங், 24 சிகிச்சை. கணக்கில் ஏறுவது 24.

பேக்கேஜ் பணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கினால் கல்லாவில் ஒரே நாளில் பெரிய தொகை விழும், அதைப் பார்த்து "போட்ட காசு வர ஆரம்பிச்சிடுச்சு" என்று தோன்றும். ஆனால் ஐந்து சிட்டிங்குக்கான டிப், சீரம், கமிஷன் இன்னும் செலவாகவில்லை, அந்த வேலையும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. சிட்டிங் நடந்த நாளில் நடந்த அளவுக்கு மட்டும் வருமானமாக எழுதுங்கள், மீதி வாடிக்கையாளரின் பணம். லீஸ் எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் பாக்கி சிட்டிங் இருந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதும் நீங்கள்தான்.

இனி மூன்று வழிகளையும் ஒரே எண்களில் வைத்துப் பார்க்கலாம். மூன்று என்று சொல்லக் காரணம், "லீஸ்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்களை விற்கிறார்கள்.

முதலாவது, 12,000 கொடுத்து வாங்குவது. அதோடு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மாதம் 80, இன்ஷூரன்ஸ் 20, மொத்தம் மாதம் 100. (முதல் வருடம் வாரண்டியில் போனால் பராமரிப்புப் பணம் மிஞ்சும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, புது மெஷினை எல்லாருக்கும் தெரியப்படுத்தவே அது செலவாகிவிடும்.)

இரண்டாவது, 36 மாத லீஸ். மாதம் 400, நடுவில் விட முடியாது, முடிவில் 1,200 கொடுத்தால் மெஷின் உங்களுடையது. பராமரிப்பும் இன்ஷூரன்சும் இதிலும் உங்கள் பொறுப்பே, ஆக மாதம் 500.

மூன்றாவது, மாத வாடகை. மாதம் 600, குறைந்தது ஆறு மாதம், ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்தால் அதன் முடிவிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், பழுது பார்ப்பது அவர்கள் வேலை. இன்ஷூரன்ஸ் 20 சேர்த்து 620.

ஒரு சிகிச்சைக்கு 32 என்றால், லீசில் மாதம் 16 சிகிச்சை நடந்தால் வரவும் செலவும் சரியாகும், வாடகையில் 20. சொந்த மெஷினுக்கு மாதச் செலவை ஈடுகட்ட நாலே சிகிச்சை போதும், ஆனால் 12,000 ஏற்கனவே வெளியே போய்விட்டது.

முதல் மாதமே 24 வராது. முதல் மூன்று மாதம் 8, 14, 18 என்று ஏறி, நான்காம் மாதத்திலிருந்து 24 என்று வைப்போம். வாங்கியவருக்கு முதல் மூன்று மாதத்தில் செலவு போக 980 மிஞ்சும், அப்புறம் மாதம் 668. இந்த வேகத்தில் 12,000 திரும்ப 20 மாதம் ஆகும். பிரதிநிதி சொன்னது மூன்று. யாரும் ஏமாற்றவில்லை, அவர் போட்ட 76க்கும் நாம் போட்ட 32க்கும், அவர் போட்ட 52க்கும் நாம் போட்ட 24க்கும் இடையே இருக்கும் தூரம் இது.

லீஸ் எடுத்தவருக்கு முதல் மாதம் 244, இரண்டாம் மாதம் 52 கைப்பணம் போகும். மூன்றாம் மாதம் 76 வரும், நான்காம் மாதத்திலிருந்து 268. நான்காம் மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் கை நஷ்டத்திலிருந்து மேலே வந்திருக்கும். சேமிப்பைத் தொடாமல் இது நடக்கிறது என்பதுதான் லீசின் நியாயமான நல்ல பக்கம், அதை மறுக்க முடியாது. 12,000ஐ மொத்தமாகக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் திண்டாடுகிற நிலை வருமென்றால், வட்டி கூடுதலானாலும் லீஸ் அல்லது பேங்க் கடன் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த வட்டி எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருக்காது, மாதத் தவணை மட்டும்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம், எக்செல்லில் இதைப் போடுங்கள்:

```
=RATE(36,-400,12000,-1200)*12
```

முதலில் வருவது மாதங்கள், அடுத்து தவணை, மெஷினை ரொக்கமாக வாங்கினால் விலை, கடைசியில் கொடுக்கும் தொகை. இந்த உதாரணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16.7 சதவீதம் வருகிறது. முதல் தவணையை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொண்டால் இன்னும் ஒரு சதவீதம் போலக் கூடும். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு பேங்கில் கடன் வட்டி கேட்டுப் பாருங்கள். ரொக்க விலை என்ன என்பதையும் லீஸ் பேச்சை எடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பின்னால் கேட்டால் லீசுக்குத் தோதான விலை ஒன்றைச் சொல்வார்கள்.

36 மாதம் எல்லாம் நன்றாகப் போனால் வாங்கியவர் கையில் 11,024ம் ஒரு மெஷினும் இருக்கும். லீஸ் எடுத்தவர் கடைசித் தொகையும் கட்டினால் 7,424ம் ஒரு மெஷினும். வித்தியாசம் 3,600, அதுதான் வட்டி. நல்ல காலத்தில் வாங்கியவர் ஜெயிப்பார் என்பது யாரும் எதிர்பார்க்கிற விஷயம்தான்.

நன்றாகப் போகாத காலத்தைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. மாதம் 24 இல்லாமல் 12 சிகிச்சையோடு நின்றுவிட்டது என்று வைப்போம். அதாவது 384 வருகிறது.

| மாதம் 12 சிகிச்சை மட்டும் | எத்தனை மாதம் மாட்டியிருப்பீர்கள் | முடிவில் கை நிலவரம் |
|---|---|---|
| வாங்கியது | விற்கும்வரை | 36 மாதம் வைத்திருந்தால் 1,776 நஷ்டம், கையில் பழைய மெஷின் |
| விட முடியாத லீஸ் | 36 | 4,176 நஷ்டம், மெஷின் இல்லை |
| மாத வாடகை | 6 | 1,416 நஷ்டம், மெஷினைத் திருப்பியாகிவிட்டது |

பலரும் நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது இது. "லீஸ்னா ரிஸ்க் கம்மி" என்று எடுப்பவர்கள், மெஷின் ஓடாதபோது வாங்கியவரைவிடக் கூடுதலாக இழக்கிறார்கள். லீசுக்கு நாம் கூடக் கொடுப்பது வெளியே போகும் வழிக்காக என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் நடுவில் விட முடியாத லீசில் அந்த வழியே கிடையாது. அது வேறு சட்டை போட்டுக்கொண்ட கடன், அவ்வளவுதான். மெஷின் மூலையில் துணி போர்த்தி நின்றாலும் 36வது தவணைவரை கட்டித்தான் ஆக வேண்டும். உண்மையில் ரிஸ்க்கைக் குறைப்பது மாத வாடகை மட்டும். மாதத் தொகையைப் பார்த்தால் மூன்றிலும் அதுதான் அநியாய விலையாகத் தெரியும், அதனாலேயே பலர் அதைத் தொடுவதில்லை.

நல்ல காலத்திலும் அந்த வாடகை அவ்வளவு மோசமில்லை. முன்சொன்ன மாதிரி 8, 14, 18, அப்புறம் 24 என்று ஏறினால் ஆறு மாதத்தில் 3,584 வரும், வாடகைக்கும் இன்ஷூரன்சுக்கும் 3,720 போகும். 136 மட்டும் கைவிட்டுப் போகும், அதற்குப் பதிலாக உங்கள் சொந்த வாடிக்கையாளரை வைத்து எடுத்த ஆறு மாத எண்கள் கையில் இருக்கும். அதை வைத்து வாங்கலாமா என்று முடிவெடுப்பது, விற்பவர் அச்சடித்துக் கொடுத்த தாளை வைத்து எடுப்பதைவிட எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால், வாடகைக்குக் கிடைத்தால் ஆறு மாதம் வாடகை, அப்புறம் சொந்தமாக வாங்குவது, இதுதான் என் வழி. விட முடியாத 36 மாத லீசை, கடன் வேறெங்கும் கிடைக்காது, ஆனால் 39 பேர் நிச்சயம் உண்டு என்ற நிலையில் மட்டும் எடுப்பேன்.

பத்தில் ஏழு பேர் பழைய ஃபேஷியலிலிருந்து மாறியவர்கள் என்ற கணக்கையும் லீசில் போட்டுப் பாருங்கள். மாதம் 24 சிகிச்சை, ஒவ்வொன்றிலும் 20, ஆக 480. செலவு 500. அறை நிரம்பியிருக்கிறது, மெஷின் ஓடுகிறது, மாதம் 20 நஷ்டம். வெறும் புக்கிங் எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் இந்த நஷ்டம் கண்ணிலேயே படாது. புதிதாக வந்தவரா, மாறி வந்தவரா என்று நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு "பு" அல்லது "மா" எழுதச் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான் தேடிப் படிக்கும் இடங்கள் சில உண்டு. லீஸ் கொடுப்பது மெஷின் கம்பெனி அல்ல, பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனம். அதனால் மெஷின் பழுதாகி மூன்று வாரம் நின்றாலும் தவணை நிற்காது, "மெஷின் வேலை செய்யலை, நான் கட்ட மாட்டேன்" என்பதை நிதி நிறுவனம் காதில் வாங்காது, அவர்கள் மெஷினை விற்கவில்லையே. மெஷின் வந்து இறங்கிய அன்று ஒரு பெறுதல் சான்றில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்ட நிமிடம் தவணைக் கடமை தொடங்குகிறது, எனவே கைப்பிடிகளை ஒவ்வொன்றாக மாட்டி, உறிஞ்சல் வருகிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காலம் முடிந்ததும் "சந்தை மதிப்பு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்" என்று இருந்தால் அந்த மதிப்பை முடிவு செய்வது யார் என்று கேளுங்கள், தொகையாகவே எழுதி வாங்குவது நல்லது. முடிவதற்கு இத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்லாவிட்டால் லீஸ் தானாகவே நீளும் என்றொரு வரி எங்கோ கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்தத் தேதியை மெஷின் மேலேயே ஸ்டிக்கராக ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.

வரி விஷயத்தில் தவணையை முழுதாகச் செலவில் எழுதலாமா, தேய்மானம் எவ்வளவு என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஆடிட்டர் சொல்வார். நஷ்டத்தில் ஓடும் மெஷினை வரிச் சலுகை லாபமாக மாற்றிவிடாது.

பொருள் செலவுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் 24 என்று நாம் எழுதிய எண் அப்படியே நிற்காது. பல மெஷின்களில் அந்தக் கம்பெனி டிப்பும் சீரமும்தான் போட முடியும், சிலவற்றில் பாட்டிலில் இருக்கும் சிப்பை மெஷின் படித்தால்தான் ஓடும். விலை ஏறினால் வேறு கடைக்குப் போக வழியில்லை. 24 என்பது 30 ஆனால் 32 என்பது 26 ஆகும், லீசில் வரவும் செலவும் சரியாக 16 போய் 20 சிகிச்சை வேண்டியிருக்கும். ஆகவே பொருள் விலை எத்தனை காலத்துக்கு மாறாது என்பதையும், மாதம் இவ்வளவு கட்டாயம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் மெஷின் விலை பேசும் அதே நாளில் பேசி முடியுங்கள். கையெழுத்துப் போட்டபின் பேச உங்களிடம் பலம் இருக்காது.

விரயமும் இங்கேதான் நடக்கும். பல மெஷின்களின் திரையில் இதுவரை எத்தனை சிகிச்சை ஓடியது என்ற எண் இருக்கும். மாதக் கடைசியில் அந்த எண், நோட்டில் நடந்ததாக எழுதிய எண், பெட்டியிலிருந்து குறைந்த டிப் எண்ணிக்கை, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். டிப் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். டிப் குறைவாகப் போயிருந்தால் அது இன்னும் பெரிய பிரச்சினை, ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்கும் போடுகிறார்கள் என்று அர்த்தம், அன்றே நிறுத்த வேண்டும். மெஷின் எண் நோட்டைவிடக் கூடுதலாக இருந்தால் கணக்கில் வராத முகங்கள் எங்கோ இருக்கின்றன. சீரம் வேகமாகத் தீர்ந்தால் பணிப்பெண்ணைக் குறை சொல்வதற்கு முன் உறிஞ்சலைப் பாருங்கள். உறிஞ்சல் குறைந்தால் அதே இடத்தில் இரண்டு மூன்று தடவை ஓட்டுவார்கள், சீரம் வீணாகும். டிப்பின் வாயைக் கையுறை போட்ட விரலால் அடைத்துப் பிடித்தால் அழுத்த அளவு காட்டும் முள் சட்டென ஏற வேண்டும், ஏறாவிட்டால் பெரும்பாலும் கழிவு பாட்டில் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, அல்லது குழாயில், ஃபில்டரில் அடைப்பு. ஒவ்வொரு நாள் முடிவிலும் கழுவும் சுற்றை ஓட்டாமல் வீட்டுக்குப் போனால் குழாயில் சீரம் காய்ந்து இதுதான் நடக்கும்.

ரொக்கம் குறைவு, வாடகைக்கும் கிடைக்கவில்லை என்றால் பழைய மெஷின் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் திரையில் இருக்கும் சிகிச்சை எண்ணிக்கையையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி, மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்த மெஷினின் மீது லீஸ் பாக்கி ஏதும் உண்டா, உரிமையாளர் பெயரை என் பெயருக்கு மாற்றி டிப்பும் சீரமும் எனக்கு விற்பீர்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு. சிலர் மறுபதிவு, மறுபயிற்சி என்று பெரிய தொகை கேட்பார்கள், அதையும் மெஷின் விலையில் சேர்த்துத்தான் 32ஆல் வகுக்க வேண்டும். பதில் வராதவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.